படத்தில் இருக்கும் அம்பைச் சொல்லில் சொல்வது

அக்கா மகள் அனுப்பிய பயிற்சித்தாள் படம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. “அம்பு மேலே போகுதா மாமா?” என்றாள். தாளைத் திருப்பினால் ‘மேலே’ என்பது ‘வலது’ ஆகிவிடும், துருவங்கள் மாறாது. அதனால் சட்டக் காந்தத்துக்கு இப்படி எழுதச் சொன்னேன்: வெளியே கோடுகள் வடதுருவத்திலிருந்து கிளம்பி, வளைந்து, தென்துருவத்துக்குள் நுழைகின்றன, உள்ளே தெற்கிலிருந்து வடக்கே திரும்பி வளையத்தை மூடுகின்றன.

அடுத்தது கம்பிச்சுருள். அதில் துருவப் பெயரே அச்சாகவில்லை, மின்னோட்டத்துக்கு மட்டும் அம்பு. படுக்கையாக வரைந்த சுருளில், நம் பக்கம் தெரியும் கம்பிகளில் மின்னோட்டம் கீழ்நோக்கி ஓடியது. வலக்கை விரல்களை அதே போக்கில் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் வலப்பக்கம் நீளும். அந்த முனைதான் வடதுருவம்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. அந்த முனைக்கு நேரே நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் அது வடக்கு. பேனா பிடித்த கை வலக்கை என்பதால் பல பிள்ளைகள் இடக்கையை நீட்டிவிடுகிறார்கள், விடை தலைகீழாகிறது. அவளும் முதலில் அதைத்தான் செய்தாள்.