பிண்ணாக்கு விலை ஏறும்போது சங்கக் கணக்கில் லாபம் எவ்வளவு?

கறவை மாடு வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து கடலைப் பிண்ணாக்கை மொத்தமாக வாங்கி, தங்களுக்குள்ளும் அக்கம்பக்கத்தாருக்கும் விற்று, காலாண்டு முடிவில் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். விலை ஒரே நிலையில் இருந்தால் இந்தக் கணக்கில் சிக்கலே இல்லை. மாதாமாதம் விலை ஏறினால்தான் தகராறு வருகிறது. ஒருவர் 33 ஆயிரம் லாபம் என்பார், மற்றொருவர் 27 ஆயிரம் என்பார். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்!

இவர்கள் ஏப்ரலில் 40 மூட்டையை ரூ.2,000 வீதமும், மே மாதம் 40 மூட்டையை ரூ.2,200 வீதமும், ஜூனில் 40 மூட்டையை ரூ.2,400 வீதமும் வாங்கினார்கள். லாரி வாடகையும் இறக்குகூலியும் இந்த விலையிலேயே அடக்கம். இவற்றைத் தனிச் செலவாக எழுதி, மூட்டை விலையில் சேர்க்காமல் விடுவது பல இடங்களில் நடக்கும் தவறு. ஆக 120 மூட்டைக்கு முதலீடு ரூ.2,64,000. ஜூன் முடிவதற்குள் 90 மூட்டையை ரூ.2,500 வீதம் விற்று ரூ.2,25,000 கைக்கு வந்தது. கிடங்கில் மீதி 30 மூட்டை.

விற்ற 90 மூட்டையின் அடக்கவிலை என்ன என்பதுதான் கேள்வி. ‘முதலில் வந்தது முதலில் போயிற்று’ என்ற முறைப்படி, ஏப்ரல் சரக்கு 40, மே சரக்கு 40, ஜூன் சரக்கில் 10 மூட்டை விற்றதாக எழுதவேண்டும். அடக்கம் ரூ.1,92,000, லாபம் ரூ.33,000. மீதமுள்ள 30 மூட்டையும் ஜூன் சரக்கு என்பதால் அதன் மதிப்பு ரூ.72,000.

எடையிட்ட சராசரி முறையில் மொத்த முதலீட்டை மொத்த மூட்டையால் வகுக்கவேண்டும். ஒரு மூட்டை ரூ.2,200 ஆகிறது. விற்ற சரக்கின் அடக்கம் ரூ.1,98,000, லாபம் ரூ.27,000, கையிருப்பு ரூ.66,000. முதல் முறையில் பழைய மலிவு விலை விற்பனைக்கு எதிராக வைக்கப்படுகிறது. புதிய விலை கிடங்கில் தங்கிவிடுகிறது. ரூ.6,000 வித்தியாசம் வந்தது அதனால்தான். பெட்டியில் உள்ள பணம் எந்த முறையிலும் ஒன்றுதான்.

பங்கு பிரிக்கும்போதுதான் ஆபத்து. விற்றுப்போன 90 மூட்டையை மறுபடி வாங்கிக் கிடங்கை நிரப்ப, ஜூன் விலையிலேயே ரூ.2,16,000 வேண்டும். விற்று வந்த பணத்தில் இது போக மிஞ்சுவது ரூ.9,000 மட்டுமே. ரூ.33,000-ஐப் பிரித்துக்கொண்டால் சரக்கு வாங்க ரூ.24,000 குறையும். ரூ.27,000-ஐப் பிரித்தாலும் ரூ.18,000 குறையும். சராசரி முறை ஓரளவு எச்சரிக்கையானது என்றாலும் முழுப் பாதுகாப்பு ஆகாது. வியாபாரம் அதே அளவில் நடக்கவேண்டுமானால் பங்கு பிரிக்கும் முன் மறு கொள்முதல் விலையைக் கணக்கிட்டே ஆகவேண்டும்.

ரூ.6,000 வித்தியாசம் காணாமல் போவதில்லை. இந்தக் காலாண்டின் கடைசிக் கையிருப்பே அடுத்த காலாண்டின் ஆரம்பக் கையிருப்பு. முதல் முறையில் அது ரூ.72,000 என்று தொடங்குவதால், அந்தச் சரக்கு விற்றுத் தீரும்போது லாபம் அவ்வளவுக்கு அவ்வளவு குறைந்து வரும். இந்தச் சங்கிலியை அறுத்து ஓராண்டு ஒரு முறை, மறு ஆண்டு வேறு முறை என்று மாற்றினால் லாபத்தை இஷ்டம்போல் உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். கணக்கைப் பார்க்கும் உறுப்பினர்கள், சென்ற ஆண்டின் கடைசிக் கையிருப்பும் இந்த ஆண்டின் ஆரம்பக் கையிருப்பும் ஒரே தொகையா, முறையும் அதேதானா என்று முதலில் பார்க்கவேண்டும். இந்தியக் கணக்குத் தரம் 2 இவ்விரு முறைகளையும் ஏற்கிறது. ஆனால் எதை எடுத்தாலும் ஆண்டுதோறும் அதையே தொடரவேண்டும்.

சராசரி விலை போடுகிறோம் என்பதற்காக மூட்டைகளைக் கண்டபடி எடுத்து விற்கலாகாது. அது ஏட்டில் போடும் விலை மட்டுமே. கடலைப் பிண்ணாக்கு ஈரம்பட்டு நாளானால் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகும். அந்த நஞ்சு பாலிலும் இறங்கும். எந்த முறையில் கணக்கு எழுதினாலும் கிடங்கில் பழைய மூட்டையே முதலில் வெளியேற வேண்டும்.

விலை இறங்கத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும்: ‘முதலில் வந்தது முதலில்’ முறையே குறைந்த லாபம் காட்டும். அத்துடன் அடக்கவிலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதுவே கையிருப்பின் மதிப்பு. செலவு போக மூட்டைக்கு ரூ.2,300-தான் தேறும் என்றால், முதல் முறையில் எழுதிய ரூ.72,000-ஐ ரூ.69,000 ஆகக் குறைத்து, ரூ.3,000-ஐ நஷ்டமாகக் காட்டவேண்டும். சராசரி முறையின் ரூ.66,000 அப்படியே நிற்கும்.