சேனல் பிரியும்போது பழைய வீடியோ யாருக்கு?

திருநெல்வேலியில் இரண்டு தோழிகள் ஒரு சமையல் சேனல் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சமைத்துப் பேசுகிறார். இன்னொருவர் கேமரா பிடித்து எடிட்டிங் செய்கிறார். நான்கு வருடத்தில் 210 வீடியோக்கள் ஏறிவிட்டன. எடிட்டர் வேறு வேலைக்குப் போகிறார், சமைப்பவர் சேனலைத் தொடர்கிறார். சண்டை ஒன்றும் இல்லை. மார்ச் 31-ஓடு கணக்கு முடித்துக்கொள்வதாகப் பேச்சு. சிக்கல் ஒன்றுதான்: யூடியூப் கணக்கும் ஆட்சென்ஸும் எடிட்டரின் பெயரில் இருக்கின்றன.

தொடங்கும்போது ஒரு தாளும் எழுதவில்லையே என்றால், அதனால் கூட்டு இல்லை என்று ஆகிவிடாது. சேர்ந்து தொழில் நடத்தி லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாக இருவரும் ஒத்துக்கொண்டிருந்தாலே 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி அது கூட்டாண்மைதான். வேறு விகிதம் பேசியதற்கு ஆதாரம் இல்லையென்றால் பங்கு சரிபாதி. "ராத்திரி பகலாக எடிட் செய்தது நான்தானே" என்ற நியாயம் பிரியும் நாளில் செல்லாது.

இதுவரை வந்த பணத்தைப் பிரிப்பது பெரும்பாலும் எளிது. தேதியில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். மார்ச் மாத வருமானத்தை யூடியூப் ஏப்ரல் 7 முதல் 12-க்குள் இறுதி செய்து, 21 முதல் 26-க்குள் அனுப்பும். ஸ்பான்சர் பணம் அதைவிடத் தாமதமாக வரலாம். ஆகவே "மார்ச் 31 வரை வந்த பணம்" என்று எழுதக்கூடாது. "மார்ச் 31 வரையிலான வேலைக்கு உரிய பணம், எப்போது வந்தாலும்" என்று எழுத வேண்டும். மார்ச்சுக்கு 42,000 ரூபாய் வந்து, மளிகை, மென்பொருள் செலவு 6,000 போனால், ஆளுக்கு 18,000. முழுப் பணமும் எடிட்டரின் வங்கிக் கணக்கில் விழுவதால் அவருடைய வருமானமாகத்தான் அது தெரியும். அதற்கான வரியை யார் ஏற்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.

தலைவலி இனி வரப்போகும் பணத்தில் இருக்கிறது. அந்த 210 வீடியோக்களும் ஏப்ரலிலும் சம்பாதிக்கும். ஒவ்வொரு வீடியோவின் உத்தேச வருமானத்தையும் யூடியூப் ஸ்டூடியோவில் தனியாகப் பார்க்கலாம். இப்போது மாதம் 25,000 வருகிறது என்றால் எடிட்டரின் பாதி 12,500. இரண்டு வருடத்துக்குக் கணக்கிட்டால் மூன்று லட்சம். ஆனால் பழைய வீடியோவின் பார்வை குறையலாம், அந்த அபாயம் சேனலை வைத்துக்கொள்பவருடையது. எனவே ஒன்றரை, ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு ஒரே தொகையாக முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. மாதாமாதம் ஸ்கிரீன்ஷாட் கேட்கும் நட்பு எத்தனை மாதம் தாங்கும்?

தொகை பேசியபின் "எல்லா உரிமையும் உனக்கே" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்திட்டால் அது கால்வாசிப் பத்திரம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த நாடுகள் என்று சொல்ல வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் பார்க்கப்படும் சேனலுக்கு இது போதுமா? "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும்" என்ற சொற்கள் அவசியம். ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும், இன்னும் வெளியிடாத காட்சிகளையும் சேர்க்க வேண்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்று அதே பிரிவு சொல்வதால், அது இங்கே பொருந்தாது என்றும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் தலைப்பை மட்டும் போட்டால் பயனில்லை, தலைப்பை நாளைக்கே மாற்றிவிடலாம். வீடியோ முகவரியில் வரும் 11 எழுத்து அடையாளம் மாறாது; அதைக் குறியுங்கள். பட்டியலில் உள்ள வீடியோக்கள் மீது பதிப்புரிமைப் புகார் கொடுக்கமாட்டேன் என்று பிரிபவர் எழுதித்தருவதும் முக்கியம். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே முடக்கப்படலாம்.

கடைசியில் சாவி. சேனல் எடிட்டரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால் முதலில் அதை பிராண்டு கணக்குக்கு மாற்ற வேண்டும். பிறகு சமைப்பவரை உரிமையாளராகச் சேர்த்து ஏழு நாள் கழிந்தால்தான் அவரை முதன்மை உரிமையாளராக்க முடியும். ஆட்சென்ஸை அப்படியே கைமாற்ற வழியில்லை. சமைப்பவர் தன் பெயரில் ஒன்று திறந்து சேனலோடு இணைக்க வேண்டும். அதனால் கையெழுத்திடும் நாளில் பாதித் தொகை, முதன்மை உரிமை மாறி, எடிட்டரின் பெயர் அனுமதிப் பட்டியலிலிருந்து நீங்கிய நாளில் மீதி என்று தேதியோடு எழுதிக்கொண்டால், இருவருமே மற்றவர் முதலில் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.