ஒரே பல்லுக்கு மூன்று எண்கள்

கம்பி போடுவதற்கு முன் இடம் உண்டாக்க, "14, 24 எடுக்கவும்" என்று ஒரு கடிதம் வருகிறது. எஃப்.டி.ஐ. முறையில் இவை மேல் தாடையின் வலது, இடது முதல் முன்கடைவாய்ப்பற்கள். வழக்கமாக எடுக்கப்படுபவையும் இவைதான். யுனிவர்சல் முறையில் படித்தாலோ, 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல். 24 கீழ் இடது நடு வெட்டுப்பல். எண் ஒன்றுதான், பல் வேறு. அதனால் எண்ணைப் பார்த்ததும் அது எந்த முறை என்று கேட்க வேண்டும்.

மூன்று முறைகளிலும் வலம், இடம் என்பவை நோயாளியின் வலமும் இடமுமே.

பால்மர்: நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை எண்ணி, எந்தப் பக்கம் என்பதை ஒரு மூலைக்கோட்டால் காட்டுவார்கள். மேல் வலது ஆறாம் பல் 6┘. கணினியில் UR6 என்றும் எழுதுவதுண்டு. பிரிட்டனில் இம்முறை புழக்கத்தில் உள்ளது.

எஃப்.டி.ஐ.: அதே 1–8 எண்ணிக்கைதான். மூலைக்கோட்டுக்குப் பதிலாக முன்னால் ஓர் இலக்கம் வரும்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. ஆகவே 6┘ இங்கே 16. இதைப் 'பதினாறு' என்று படிக்காமல் 'ஒன்று ஆறு' என்று படிக்க வேண்டும்.

யுனிவர்சல்: அமெரிக்காவில் வழங்குவது. மேல் வலது ஞானப்பல் 1. அங்கிருந்து மேல் தாடை முழுதும் சென்று மேல் இடது ஞானப்பல் 16. அதற்கு நேர் கீழே 17. கீழ் தாடை வழியே திரும்பி வந்து கீழ் வலது ஞானப்பல் 32.

பால்மரும் எஃப்.டி.ஐ.யும் ஒன்றுக்கொன்று எளிதில் மாறும். யுனிவர்சலுக்கு மட்டும் சிறு கணக்கு தேவை. எஃப்.டி.ஐ. எண்ணின் இரண்டாம் இலக்கத்தை t என்று கொள்ளுங்கள்:

- மேல் வலது: 9 − t
- மேல் இடது: 8 + t
- கீழ் இடது: 25 − t
- கீழ் வலது: 24 + t

முதல், மூன்றாம் பகுதிகளில் யுனிவர்சல் எண்ணிக்கை பின்னிருந்து நடுக்கோட்டை நோக்கி வருகிறது, அதனால் கழிக்கிறோம். மற்ற இரண்டில் நடுக்கோட்டை விட்டு விலகிப் போகிறது, அதனால் கூட்டுகிறோம்.

கடிதத்துக்கு வருவோம். எஃப்.டி.ஐ. 14 என்றால் 9 − 4 = 5. எஃப்.டி.ஐ. 24 என்றால் 8 + 4 = 12. அமெரிக்க மருத்துவருக்கு "5, 12" என்று எழுத வேண்டும்.

முறையைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. நிலைப்பற்களுக்கான எஃப்.டி.ஐ. எண் 9இலோ 0இலோ முடியாது. எனவே 19, 20, 30 என்று வந்தால் அது யுனிவர்சல். 32க்கு மேல் போனால் எஃப்.டி.ஐ. ஆனால் 11–18, 21–28, 31, 32 இரண்டு முறைகளிலும் உள்ள எண்கள். எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

பால்பற்களில் எழுத்துகள் குழப்பும். பால்மரில் ஒவ்வொரு பகுதியிலும் A என்பது நடு வெட்டுப்பல். யுனிவர்சலில் A ஒன்றே ஒன்று: மேல் வலது இரண்டாம் பால் கடைவாய்ப்பல். அதுவே எஃப்.டி.ஐ.யில் 55.

ஆகவே பரிந்துரைக் கடிதத்தில் எண்ணோடு பல்லின் பெயரையும் எழுதுங்கள்: "14, மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல்". பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால், எழுதியவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே பல்லைத் தொட வேண்டும்.