பிங் நார்மல்... ஆனாலும் கேம் ஏன் இழுக்குது? சர்வருக்குள்ளேயே காணாமல் போகும் பாக்கெட்டுகள்!

சனிக்கிழமை இரவு. கேம் சர்வர் ஃபுல். 64 பேர் உள்ளே இருக்கிறார்கள். திடீரென்று சாட்டில் புகார்கள் வரிசை கட்டுகின்றன. "லேக் அடிக்குது", "சுட்டேன், படவே இல்ல", "ஓடிட்டு இருந்தவன் பின்னாடி இழுத்துட்டு வந்து நிக்குறேன்". சர்வரை நடத்துபவர் அவசரமாகப் பார்க்கிறார். சிபியு 50 சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. வெளியிலிருந்து `ping` கொடுத்தால் பதில் சமர்த்தாக வருகிறது. டேட்டா சென்டரின் கிராஃபிலும் பிரச்னை இல்லை.

அப்போ, "உங்க வீட்டு வைஃபைதான் சரியில்ல" என்று ப்ளேயர்களிடம் சொல்லிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். `ping` கட்டளைக்குப் பதில் சொல்வது கேம் கிடையாது, லினக்ஸ் கெர்னல். கேம் திணறிக்கொண்டிருந்தாலும் கெர்னல் பாட்டுக்குப் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கும். பாக்கெட் சர்வர் வரைக்கும் பத்திரமாக வந்துவிட்டு, கேமின் கைக்குப் போகும் கடைசி அடியில் தொலைந்தால், அது பிங்கில் தெரியாது.

செக்யூரிட்டி ரூம் ஷெல்ஃப்

பெரும்பாலான ஆக்‌ஷன் கேம்கள் யுடிபி முறையில்தான் தகவல் அனுப்புகின்றன. அப்பார்ட்மென்ட் கூரியரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் இல்லையென்றால் பார்சல் செக்யூரிட்டி ரூம் ஷெல்ஃபில் காத்திருக்கும். ஷெல்ஃபில் இடமில்லை என்றால்? யுடிபி கூரியர்காரர் திரும்ப வரவும் மாட்டார், போன் செய்யவும் மாட்டார். பார்சல் அவ்வளவுதான்.

அந்த ஷெல்ஃபின் பெயர்தான் சாக்கெட் ரிசீவ் பஃபர். லினக்ஸில் வழக்கமாக இதன் அளவு 2,12,992 பைட். கேம் பாக்கெட் ஒன்று 100 பைட் என்றால் 2,000 பாக்கெட்டுக்கு மேல் நிற்குமே என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆன்லைனில் மோதிரம் வாங்கினாலும் பெரிய அட்டைப்பெட்டியில்தானே வருகிறது? கெர்னலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் தகவலை மட்டும் எடை போடாமல், பாக்கெட்டைச் சுற்றித் தான் வைத்திருக்கும் பெட்டியையும் சேர்த்தே இடத்தைக் கணக்கிடும்.

2,12,992 என்ற விநோத எண்ணே அப்படி வந்ததுதான். 256 பைட் பாக்கெட் ஒன்றுக்குப் பெட்டியோடு சேர்த்து 832 பைட். அப்படி 256 பாக்கெட். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். சில நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் சின்னப் பாக்கெட்டுக்கே 2,000 பைட்டுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அப்போது நூறு பாக்கெட் நின்றாலே அதிகம்.

100 மில்லி செகண்டில் என்ன நடக்கும்?

64 பேரும் செகண்டுக்கு 64 பாக்கெட் அனுப்புகிறார்கள் என்று வைப்போம். மொத்தம் 4,096. எல்லாமே ஒரே போர்ட், ஒரே சாக்கெட், அதாவது ஒரே ஷெல்ஃபுக்கு வருகின்றன. கேம் ஒவ்வொரு டிக்கிலும், அதாவது 15.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, வந்து அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு தடவைக்கு 64 பார்சல்தான் இருக்கும். பிரச்னையே இல்லை.

இப்போது கேம் ஒரு லாக் ஃபைலை எழுதப்போய் 100 மில்லி செகண்ட் மாட்டிக்கொள்கிறது. அதற்குள் வந்து சேரும் பாக்கெட்டுகள் சுமார் 410. இடம் 256-க்குத்தான். மிச்சம் 150 சொச்சம் அவுட். தலைக்கு இரண்டு, மூன்று.

இரண்டு, மூன்றுதானே என்று விட முடியாது. ஷெல்ஃப் நிறைந்த பிறகு வருபவைதான் தூக்கி எறியப்படும். அதாவது பழைய நகர்வுகள் பத்திரமாக இருக்கும், ட்ரிகரை அழுத்திய லேட்டஸ்ட் தகவல் போய்விடும். அதுவும் அடுத்தடுத்து. பல கேம்கள் முந்தைய ஓரிரு உள்ளீடுகளையும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேர்த்தே அனுப்பும். அதனால் ஒன்று தொலைந்தால் சமாளித்துவிடும். தொடர்ந்து மூன்று போனால் சமாளிப்பது கஷ்டம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கேம் 27015 போர்ட்டில் ஓடுகிறது என்றால்:

```
ss -uanm 'sport = :27015'
skmem:(r0,rb212992,t0,tb212992,f0,w0,o0,bl0,d4127)
```

`rb` என்பது ஷெல்ஃபின் அளவு. `r` என்பது இந்த நொடியில் அதில் இருப்பது. அது 0 என்று காட்டுவதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நெரிசல் ஒரு கண் இமைப்பில் வந்து போய்விடும், நீங்கள் பார்க்கும்போது ஷெல்ஃப் காலியாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் `d`. இதுவரை தூக்கி எறியப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை அது. புகார் வரும் நேரத்தில் இது ஏறினால் கேஸ் முடிந்தது. சர்வர் முழுவதற்குமான கணக்கு வேண்டுமென்றால் `nstat -az UdpRcvbufErrors`.

ஷெல்ஃபைப் பெரிதாக்குவது

`/etc/sysctl.d/90-game.conf` என்ற ஃபைலில் இரண்டே வரி:

```
net.core.rmem_max = 1048576
net.core.rmem_default = 1048576
```

பிறகு `sysctl --system`. இதில் முதலாவது உச்சவரம்பு, இரண்டாவது யாரும் எதுவும் கேட்காதபோது கிடைக்கும் அளவு. நிறையப் பேர் `rmem_max`-ஐ மட்டும் ஏற்றிவிட்டு, "ஒண்ணும் மாறலையே" என்பார்கள். கேம் தானாகப் பெரிய பஃபர் கேட்டால்தான் உச்சவரம்புக்கு வேலை. கேட்டாலும், வரம்பு சின்னதாக இருந்தால் கெர்னல் எர்ரர் எதுவும் காட்டாமல் சத்தமில்லாமல் குறைத்துத்தான் கொடுக்கும். இன்னொன்று, ஏற்கெனவே திறந்திருக்கும் சாக்கெட்டுக்கு இந்த `rmem_default` பொருந்தாது. கேமை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, `rb` மாறியிருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது அவசியம்.

10,48,576 பைட் என்றால் அதே 832 கணக்கில் சுமார் 1,260 பாக்கெட். நம் 64 பேருக்கு 300 மில்லி செகண்ட் தாங்கும். சரி, 16 எம்பியே கொடுத்துவிடலாமே? ரேம் விலை பிரச்னை இல்லை. ஆனால் அது கிட்டத்தட்ட 5 செகண்டுக்கான ஷெல்ஃப். கேம் எப்போதாவது சில நொடித்துளிகள் நின்றால் பெரிய ஷெல்ஃப் காப்பாற்றும். எப்போதுமே வரத்தைவிட மெதுவாக அள்ளுகிறது என்றால், ஷெல்ஃப் நிறைந்தே இருக்கும். அப்புறம் 5 செகண்டுக்கு முன்னால் அழுத்திய பட்டனுக்கு இப்போது வேலை நடக்கும். ஷூட்டிங் கேமில் அதைவிட பாக்கெட் தொலைவதே மேல்!

`d` ஏறவே இல்லையா?

அப்படியானால் பாக்கெட் அதற்கும் முன்னால், நெட்வொர்க் கார்டிலேயே தொலைந்திருக்கலாம். `ethtool -S eth0` காட்டும் பட்டியலில் drop, missed போன்ற பெயர்களில் உள்ள எண்கள் ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால் `ethtool -g eth0` கொடுத்து, கார்டின் ரிங் அளவு அதன் உச்சத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்து, `ethtool -G eth0 rx 4096` போல ஏற்றலாம். சில கார்டுகள் இதைச் செய்யும்போது ஒரு கணம் இணைப்பைத் துண்டிக்கும். மேட்ச் நடக்கும்போது கை வைக்காதீர்கள்.

எல்லா டியூனிங் பட்டியலிலும் முதலில் வரும் `net.core.netdev_max_backlog` இந்த இடத்தில் பெரும்பாலும் சும்மா. இன்றைய கார்டுகளின் பாக்கெட்டுகள், ஆர்பிஎஸ் என்ற வசதியை ஆன் செய்யாதவரை, அந்த வரிசை வழியாக வருவதே இல்லை. `/proc/net/softnet_stat`-இல் இரண்டாவது காலம் முழுக்க பூஜ்ஜியமாக இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை.

வெளியே போகும் பக்கத்துக்கு `tc -s qdisc show dev eth0` போதும். அங்கே `fq_codel` என்று இருந்து, dropped எண் நகராமல் நின்றால் அப்படியே விட்டுவிடலாம். `d`-யும் நகரவில்லை, கார்டும் சுத்தம் என்றால், அந்த லாக் ஃபைல் ஏன் 100 மில்லி செகண்ட் எடுக்கிறது என்று தேடப் போக வேண்டியதுதான்.