சாத்தாங்காட்டுச் சத்தத்தில் ஒரு காலர் மைக்

ஜார்ஜ் டவுனின் நெரிசலான தெருக்களில் நடந்துகொண்டிருந்த இரும்பு வியாபாரத்துக்காக சி.எம்.டி.ஏ. அமைத்த சந்தை, திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே சாத்தாங்காட்டில் இருக்கிறது. கம்பிக் கட்டுகள் லாரியிலிருந்து இறங்குகின்றன, தகடுகள் வெட்டப்படுகின்றன, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் பக்கத்துச் சாலையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வீடு கட்டுபவர் கம்பியை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கி இங்கே ஒருவர் போனில் வ்லாக் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் நன்றாக வந்துவிடும். குரல்தான் வராது. சட்டையில் குத்தும் கட்டைவிரல் அளவு காலர் மைக் அந்தக் குரலைக் காப்பாற்றிவிடுகிறது. அதை முதலில் காப்பாற்றுவது அதன் மின்னணுவியல் அல்ல, வெறும் தூரம்.

திறந்தவெளியில் ஒலி மூலத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். பத்தில் ஒரு பங்கானால் 20 டெசிபல் கூடும். இரைச்சலில் சற்று உரக்கப் பேசுபவரின் குரல் ஒரு மீட்டரில் 70 டெசிபல் என்று கொள்வோம். இரண்டு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் நிற்கும் போனுக்கு அது 64 ஆகத்தான் போய்ச் சேரும். சந்தை இரைச்சலும் 70 டெசிபல் என்றால், போனின் காதில் இரைச்சல் குரலை விட 6 டெசிபல் அதிகம். காலர் மைக்காக வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில், நெஞ்சில் இருந்தால் குரல் 84 ஆகிவிடுகிறது. தாடைக்குக் கீழே இருப்பதால் கொஞ்சம் குறையும், அது போகட்டும். இரைச்சல் எங்கெங்கோ தொலைவிலிருந்து வருவதால் அங்கேயும் அதே 70தான். தோற்றுக்கொண்டிருந்த குரல் இப்போது 14 டெசிபல் முன்னால் நிற்கிறது. கெயினைக் கூட்டி இந்த வித்தியாசத்தை வாங்க முடியாது, ஏனென்றால் கெயின் குரலையும் இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் போன் அந்த மைக்கை எடுத்துக்கொண்டால்தான் பலிக்கும். எடுத்துக்கொள்ளாவிட்டால் அது எந்த எச்சரிக்கையும் தராது. சட்டையில் மைக்கின் பச்சை விளக்கு எரியும், ரிசீவர் போனில் செருகியிருக்கும், பதிவும் ஓடும். போனோ தன் அடிப்பகுதியில் இருக்கும் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிச்சயமான வழி உண்டு. பதிவைத் தொடங்கி, காலர் மைக்கை விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடிப்பகுதியில் உள்ள சிறு துளையைச் சுரண்டுங்கள். திரும்பப் போட்டுக் கேட்டால் எந்தச் சுரண்டல் பெரிதாக இருக்கிறதோ, அந்த மைக்தான் வேலை செய்கிறது.

பழைய 3.5 மி.மீ. துளை உள்ள போனில் இந்தத் தவறு பெரும்பாலும் பின்னிலேயே தொடங்குகிறது. பின்னைக் கையில் எடுத்துப் பார்த்தால் கருப்பு வளையங்கள் தெரியும். கேமராவுக்காகச் செய்த பின்னில் இரண்டு வளையங்கள், போனுக்காகச் செய்ததில் மூன்று. போன் தன் வெளி மைக்கை எதிர்பார்ப்பது பின்னின் கடைசிப் பகுதியில். இரண்டு வளையப் பின்னில் அந்தப் பகுதியும் தரை இணைப்பும் ஒரே உலோகம். அதனால் போன் இதை மைக் இல்லாத ஹெட்போன் என்று முடிவு செய்து தன் மைக்குக்கே திரும்பிவிடுகிறது. இரண்டு வளையத்தை மூன்று வளையமாக மாற்றும் சின்ன அடாப்டர் போதும். டைப்-சி துளை மட்டும் உள்ள போனில் இந்த வழியாகப் போவதாக இருந்தால், ஒலியை இலக்கமாக மாற்றும் சில்லு உள்ளே இருக்கிற, மைக்கையும் ஏற்கிற அடாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும். பாட்டுக் கேட்க மட்டும் செய்த அடாப்டரில் குரல் உள்ளே போகாது.

டைப்-சியில் நேராகச் செருகும் ரிசீவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒலி இலக்கங்களாகவே போனுக்குள் நுழைகிறது. அங்கே வேறு இரண்டு பூட்டுகள். சில ஆண்ட்ராய்டு போன்களில் OTG என்ற சுவிட்சை அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். பத்து நிமிடம் பயன்படுத்தாமல் விட்டால் அது தானாக அணைந்துவிடும் போன்களும் உண்டு. ஒரு கடையில் படம் எடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கும்போது மைக் இறந்துபோவது இப்படித்தான். இரண்டாவது பூட்டு கேமரா ஆப். போனோடு வரும் ஆப் வெளி மைக்கைக் கவனிக்காமல் விடுவது ஆண்ட்ராய்டில் சாதாரணம். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமரா ஆப்பில் Settings, Video settings, Audio source என்று போய் External mic என்பதைத் தேர்ந்தெடுத்தால் திறந்துவிடும். ஐபோனின் சொந்தக் கேமரா, செருகியதும் தானே மாறிக்கொள்கிறது.

இனி லெவல். ஆப்பின் மீட்டரில் 0 என்பதுதான் உச்சி. மற்ற எண்களெல்லாம் அதற்குக் கீழே, கழித்தல் குறியோடு வரும். உச்சியைத் தொட்ட ஒலியின் தலை சீவப்படுகிறது, கரகரவென்று கேட்கிறது, எந்த எடிட்டிங்கிலும் திரும்ப வராது. அதனால் சந்தையில் நிஜமாகப் பேசப்போகும் குரலிலேயே பேசிப் பார்த்து, உரத்த சொற்கள் −12 அருகே தொடும்படி மைக்கின் கெயினை வையுங்கள். வீட்டுக்குள் மெல்லப் பேசி வைத்த லெவல் இங்கே உடைந்துபோகும். 6 டெசிபல் குறைவாக இன்னொரு பாதுகாப்புப் பதிவை எடுக்கும் வசதி உங்கள் மைக்கில் இருந்தால், சாத்தாங்காட்டில் அதை அணைத்து வைக்காதீர்கள்.

தானியங்கி லெவல் என்ற வசதியை மாற்ற முடிந்தால் அணைத்துவிடுவதே நல்லது. அமைதியான அறையில் அது உதவும். இங்கே தகடு ஒன்று தரையில் விழும் நொடியில் அது லெவலை இறக்கிவிடுகிறது. அடுத்துப் பேசும் அரை வாக்கியம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. பேசுபவர் மூச்சு வாங்க நின்றால், லெவல் மெல்ல ஏறி லாரி இரைச்சலை முன்னால் கொண்டுவருகிறது. இரைச்சல் இப்படி அலைபோல் ஏறி இறங்குவது கேட்டால், காரணம் இதுதான்.

இன்னொரு கோளாறு பலரைக் குழப்புகிறது: மீட்டர் −6ஐத் தாண்டவே இல்லை, ஆனாலும் குரல் கரகரக்கிறது. எடிட்டிங் ஆப்பில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிகரங்கள் உச்சிக்குக் கீழேயே தட்டையாக இருந்தால், தலை வெட்டுப்பட்டது போனில் அல்ல, அதற்கு முன்பே, மைக்கிலோ அதை அனுப்பும் பெட்டியிலோ. அங்கே கெயினைக் குறைக்க வேண்டும். ஆப்பின் ஸ்லைடரைக் குறைத்தால் வெட்டுப்பட்ட ஒலிதான் சின்னதாகும்.

எஞ்சியிருப்பது காற்றில் நடக்கும் பயணம். வயர்லெஸ் காலர் மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. இந்தியாவில் குறைந்த திறன் கருவிகளுக்கு இதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-இல் அறிவிக்கப்பட்டது. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். நீர் நிறைந்த மனித உடல் அதை உறிஞ்சுகிறது, இரும்பு அதைத் திருப்பி அடிக்கிறது. கம்பி அடுக்குகளுக்கு நடுவே நேராக வரும் அலையும் பட்டுத் திரும்பும் அலையும் சில புள்ளிகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தப் புள்ளியில் இரைச்சல் கேட்காது, சொற்கள் நடுவே துண்டாகும். பெரும்பாலும் ஒரு சாண் தள்ளி நின்றாலே சரியாகிவிடும். முதுகைப் போனுக்குக் காட்டி நடக்கும் காட்சியில் மைக்கைச் சட்டையின் பின்பக்கமாக மாற்றாமல் தோளுக்கு அருகே நகர்த்துங்கள், வாய் தூரமாகிவிடக் கூடாது. போனின் வைஃபையும் ஹாட்ஸ்பாட்டும் இதே அலைவரிசையில் குறுக்கிடக்கூடும் என்பதால் விமான மோடில் போட்டு எடுப்பது நல்லது. செருகிய ரிசீவர் அதனால் பாதிக்கப்படாது. நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோவதும் தவிர்ந்துவிடும்.