தீபாவளிக் கூட்டமும் தள்ளுபடிக் கணக்கும்

ஆடித் தள்ளுபடியும் தீபாவளித் தள்ளுபடியும் வாங்குபவருக்கு ஒன்றுபோலத் தெரியலாம். துணிக்கடைக்காரரின் கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடை காற்று வாங்கும். அப்போது விலையைக் குறைப்பது, வராத ஆட்களை வரவழைத்துப் பழைய சரக்கைக் காலி செய்வதற்காக. தீபாவளிக்குக் கூட்டம் எப்படியும் வந்துவிடும். அந்த நேரத்தில் கடையிலுள்ள எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 20 சதவீதம் குறைத்தால், அதில் பெரும்பகுதி முழு விலைக்கே எடுக்க வந்தவர்களுக்குப் போய்விடும்.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் 600 ரூபாய், வரி நீங்கலாக விற்பனை விலை 1,000. நூறு சட்டை விற்றால் கையில் நிற்பது 40,000 ரூபாய். வாடகை, சம்பளம், கரண்ட் பில், விளம்பரம் எல்லாம் இதற்குள்தான். 10 சதவீதம் குறைத்தால், அதே 40,000-ஐ எட்ட 134 சட்டை விற்க வேண்டும். 20 சதவீதம் என்றால் 200 சட்டை. 30 சதவீதம் என்றால் 400! ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பலகை இன்னும் ஆபத்தானது. மூன்று சட்டைக்கு 2,000 ரூபாய் வரும், அதில் 1,800 கொள்முதலுக்கே போய்விடும்.

அப்படியானால் சலுகையே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது பில் தொகையை மேலே இழுக்க வேண்டும். குடும்பத்தோடு வருபவர்களின் பில் வழக்கமாக 3,600 ரூபாய் அளவில் நிற்கிறது என்றால், 5,000-க்கு மேல் எடுப்பவருக்கு 300 ரூபாய் பெறுமானப் பரிசு என்று அறிவிக்கலாம். 3,600 பில்லில் கடைக்கு 1,440 நிற்கும். 5,000 பில்லில் பரிசுச் செலவு போக 1,700 நிற்கும். வரம்பை 3,000 என்று வைத்துவிட்டால் கதை கெட்டது. ஒரு துண்டுகூடக் கூடுதலாக எடுக்காமல் எல்லாரும் பரிசோடு கிளம்பிவிடுவார்கள்.

விலையைக் குறைப்பதே கைகொடுக்கும் ஓர் இடமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வரி நீங்கலாக 2,700 ரூபாய் போட்ட சுடிதாருக்கு வாடிக்கையாளர் 3,186 ரூபாய் கொடுக்க வேண்டும். பில்லிலேயே 200 ரூபாய் தள்ளுபடி காட்டி 2,500 ஆக்கினால் அவர் கொடுப்பது 2,625 மட்டும். கடை விட்டுக்கொடுத்தது 200, வாடிக்கையாளருக்கு மிச்சம் 561. பண்டிகைக்கு முன்பே விலைச்சீட்டுகளைப் புரட்டி, 2,500-ஐ ஒட்டி மேலே நிற்கும் உருப்படிகளைத் தனியே எடுத்துவைப்பது நல்லது.

லாபம் கசியும் இன்னொரு இடம் சைஸ். ஒரு டிசைனில் 38, 40, 42, 44 என நான்கு அளவிலும் மும்மூன்று வாங்குவது எளிது. கேட்டு வருபவர்களோ 38-க்கு இருவர், 40-க்கு நால்வர், 42-க்கு நால்வர், 44-க்கு இருவர். இரண்டு பேர் வெறுங்கையோடு திரும்ப, இரண்டு சட்டை அலமாரியில் தங்கும். இப்படி ஐம்பது டிசைன் என்றால் கைநழுவிய லாபம் 40,000, முடங்கிய முதல் 60,000. ஸ்டாக் பட்டியலில் 100 சட்டை இருப்பதாகக் காட்டும். கேட்ட அளவு மட்டும் இருக்காது. சென்ற ஆண்டு பில்களை அளவு வாரியாக எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம். அப்போதும் பணம் முழுவதையும் முதலிலேயே இறக்கிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்தால், எது ஓடுகிறது என்று தெரிந்தபின் ஈரோட்டிலோ திருப்பூரிலோ அதையே மறுபடி எடுக்கலாம். சூரத்திலிருந்து வரும் சேலைகளுக்கு இது பொருந்தாது. லாரி வந்து சேரும் நாட்களைக் கழித்தால் மறு ஆர்டருக்கு நேரமே இருக்காது.

தேதியைச் சம்பள நாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. மாதச் சம்பளம் வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. 2026-இல் நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முந்தைய ஞாயிறு நவம்பர் 1, சம்பளம் கைக்கு வரும் நேரம். அந்த ஒரு வாரம் கடை தானாகவே நிரம்பும், அப்போது தள்ளுபடி தேவையில்லை. ‘முன்கூட்டியே வாங்குவோருக்கு’ என்று ஏதாவது தருவதாக இருந்தால் அக்டோபர் 25-ஆம் தேதி ஞாயிறோடு முடித்துக்கொள்ளலாம். கூட்டமும் இரண்டாகப் பிரியும், பில் போடும் இடத்தில் நெரிசலும் குறையும்.

அந்த அக்டோபர் 25 இரவே, ஓடாத டிசைன்களைக் கணக்கெடுக்கும் நேரமும்கூட. குழந்தைகளின் புதுமோஸ்தர் ஃப்ராக் மூன்றில் ஒன்றுகூட விற்கவில்லை என்றால், கூட்டம் வரும் அடுத்த வாரத்திலேயே 15 சதவீதம் குறைத்துத் தள்ளிவிட வேண்டும். தீபாவளி முடிந்த பின் பாதி விலைக்குக்கூட ஆள் தேட வேண்டியிருக்கும். பட்டுச்சேலை, வேட்டி, வெள்ளைச் சட்டை தேங்கினால் பதற வேண்டியதில்லை. கார்த்திகை முகூர்த்தங்களும், பொங்கலும், தைக் கல்யாணங்களும் வரிசையாக வருகின்றன. அவற்றை விலை குறைக்காமல் அப்படியே மேல் அலமாரிக்கு ஏற்றிவிடலாம்.