200 நாள் சராசரி: விலை எவ்வளவு விலகி நிற்கிறது?

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 50 குறியீடு 7,610 புள்ளிகளில் முடிந்தது. அன்றைக்கு அதன் 200 நாள் சராசரி ஏறத்தாழ 11,500. குறியீடு தன் சராசரியைவிட மூன்றில் ஒரு பங்கு கீழே கிடந்தது. அடுத்த பிப்ரவரி நடுவில் அதே குறியீடு 15,300-ஐத் தாண்டியது. அப்போது சராசரி சுமார் 12,000. இந்த முறை கால் பங்குக்கும் அதிகமாக மேலே. ஓராண்டுக்குள் வந்த இந்த இரண்டு விலகல்களையும் சரியாகப் படித்தால், 200 நாள் சராசரி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது தெளிவாகிவிடும்.

கணக்கு எளிது. கடைசி 200 வர்த்தக நாள்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் சராசரி. இன்றைய விலையிலிருந்து அதைக் கழித்து, சராசரியால் வகுத்து, நூறால் பெருக்கினால் விலகல் சதவீதம். இந்த ஒரே எண் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. அது பூஜ்யத்துக்கு மேலா, கீழா என்பது நீண்டகாலப் போக்கைக் காட்டும். பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது, விலை எந்த அளவுக்கு ஓடிவிட்டது அல்லது விழுந்துவிட்டது என்பதைக் காட்டும்.

முதலில் போக்கைப் பார்ப்போம். அமெரிக்க முதலீட்டு மேலாளர் மெப் ஃபேபர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய விதியைச் சோதித்தார். மாதக் கடைசியில் மட்டும் பார்க்க வேண்டும். விலை பத்து மாதச் சராசரிக்கு மேலே இருந்தால் முதலீட்டில் இருப்பது, கீழே இருந்தால் வெளியேறுவது. பத்து மாதம் என்பது ஏறக்குறைய 200 வர்த்தக நாள்கள்தான். இந்த விதியை நிஃப்டிக்குப் பொருத்துவோம். 2020 பிப்ரவரி கடைசியில் குறியீடு 11,201. பத்து மாதச் சராசரி சுமார் 11,660. எனவே வெளியேற வேண்டும். ஜூலை கடைசியில் குறியீடு 11,073. சராசரி சுமார் 10,870. எனவே திரும்ப நுழையலாம்.

விற்ற விலையையும் வாங்கிய விலையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவே. வரியும் தரகும் போனால் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஆனால் இடையில் நடந்த 7,610 வரையிலான சரிவில் அவர் பணம் மாட்டவில்லை. இந்த வடிகட்டியின் உண்மையான பயன் இதுதான். பெரும் சரிவின் நடுப்பகுதியில் நம்மை வெளியே வைத்திருக்கிறதே தவிர, கூடுதல் லாபத்துக்கு அது உறுதி தருவதில்லை. உச்சத்தில் விற்றுத் தராது, அடியில் வாங்கியும் தராது. சந்தை திசையின்றி அலையும் காலத்தில் விலை சராசரியை மாறிமாறிக் கடக்கும். ஒவ்வொரு கடப்பிலும் சிறு நட்டம் சேரும். தினமும் பார்க்காமல் மாதம் ஒருமுறை பார்ப்பது இந்தத் தொல்லையைக் குறைக்கும், நீக்கிவிடாது.

அடுத்து தூரம். 2021 பிப்ரவரியில் விலகல் கால் பங்கைத் தாண்டியதும், இனி விழுந்தே தீரும் என்று விற்றவர்கள் என்ன கண்டார்கள்? குறியீடு சில மாதங்கள் பெரிதாக ஏறாமல் நின்றது. அதற்குள் சராசரி மேலேறி வந்து இடைவெளியைக் குறைத்தது. பிறகு அக்டோபரில் குறியீடு 18,400-ஐத் தாண்டியது. விலை இறங்கினால்தான் இடைவெளி குறையும் என்பதில்லை. விலை நிற்க, சராசரி ஏறினாலும் குறையும். ஆகவே மேல்பக்க விலகலை விற்பதற்கான கட்டளையாகக் கொள்ளக் கூடாது. புதிதாக மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் போடாமல் பிரித்துப் போடுவதற்கான எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

எத்தனை சதவீதம் அதிகம் என்பதற்குப் பொது அளவு கிடையாது. நிஃப்டி போன்ற பெரிய குறியீட்டுக்கு 25 சதவீதம் அரிது. வேகமாக ஏறி இறங்கும் சிறு நிறுவனப் பங்குக்கு அது சாதாரணம். ஒரு பங்கின் விலகலை அதே பங்கின் பத்தாண்டு வரலாற்றோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

ஒரு பொறியையும் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு தரும் நிறுவனத்தின் விலை எக்ஸ்-போனஸ் நாளில் ஏறத்தாழ பாதியாகும். சார்ட்டில் பழைய விலைகளைத் திருத்தாமல் விட்டிருந்தால், பங்கு சராசரிக்கு 50 சதவீதம் கீழே விழுந்ததுபோலத் தெரியும். ஒரே நாளில் இப்படிப் பள்ளம் தெரிந்தால், அன்று போனஸோ பங்குப் பிரிப்போ நடந்ததா என்று முதலில் பாருங்கள்.

பூஜ்யத்துக்கு மேலா, கீழா என்பதை வைத்து முதலீட்டில் இருப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். தூரத்தை வைத்து, எவ்வளவு பணம், எவ்வளவு வேகத்தில் என்று முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.